ஒரு ஸ்டேட்டஸும் ஒரு சஸ்பென்ஷனும்

வாட்ஸ்அப்பில் போடும் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். ஆனால், அதைக் காரணம் காட்டிக் கம்பெனி கொடுக்கும் சஸ்பென்ஷன் ஆர்டர் மறையாது. வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபாலில் வரும், அம்மாவோ மனைவியோ கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள், அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் நான். கோவை வட்டாரத்தில் உள்ள தொழிற்சாலைகள் பலவற்றில் உள்விசாரணை நடத்தும் அதிகாரியாக என்னை அழைப்பார்கள். 'டொமஸ்டிக் என்கொயரி' என்று சொல்வார்களே, அதுதான். பத்து வருடங்களுக்கு முன்பெல்லாம் என்னிடம் வந்தவை திருட்டு, சண்டை, சொல்லாமல் லீவு எடுத்தது போன்றவை. இப்போது அந்த வரிசையில் போனும் சேர்ந்துவிட்டது. ஃபேஸ்புக் பதிவு, இன்ஸ்டா ரீல்ஸ், வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ். இவற்றுக்காக ஒருவரைத் தண்டிக்கலாமா, தண்டித்தால் அது சட்டத்தின் முன் நிற்குமா என்று நிர்வாகமும் கேட்கிறது, தொழிலாளியும் கேட்கிறார்.

இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, நான் விசாரித்த ஒரு விஷயத்தைச் சொன்னால் தெளிவாகப் புரியும். சில வருடங்களுக்கு முன் நடந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். பம்ப் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை, 400 பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த ஒரு பையனுக்கு 27 வயது. மாதச் சம்பளம் 18,000 ரூபாய்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் பொரியலுக்குள் புழு கிடந்திருக்கிறது. படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். கூடவே இரண்டு வரி. '400 பேருக்கு இதுதான் சாப்பாடு. முதலாளி வீட்டு நாய்க்குக்கூட இதைப் போட மாட்டாங்க.' சாயந்திரத்துக்குள் யாரோ ஒருவர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்ப, அது மேலே மேலே போய் நிர்வாக இயக்குநரின் போனில் நின்றது. மறுநாள் காலை கேட்டிலேயே சஸ்பென்ஷன் ஆர்டர்.

சஸ்பெண்ட் செய்தாலும் சம்பளத்தை முழுக்க நிறுத்த முடியாது. முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பிழைப்பூதியம் என்று பெயர். அவருக்கு மாதம் 9,000 ரூபாய் வந்தது. வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் போக மீதி என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. சார்ஜ் ஷீட். அதில் மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது. இரண்டு, நிறுவனத்தின் சமூக வலைதளக் கொள்கையை மீறியது. மூன்று, வளாகத்துக்குள் ஒழுங்குக்குக் குந்தகமாக நடந்துகொண்டது.

விசாரணையின் முதல் நாள். பையனுடன் பேசுவதற்கு உதவியாக இன்னொரு தொழிலாளி வந்திருந்தார். குற்றச்சாட்டுகளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிறகு நிர்வாகத் தரப்பில் வந்திருந்த எச்.ஆர். அலுவலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இந்த மூன்றும் நிலையாணையில் எந்தெந்தப் பிரிவில் வருகின்றன?"

நிலையாணை என்றால் 'ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்'. வேலை நேரம், லீவு, எது ஒழுங்கீனம், அதற்கு என்ன தண்டனை என்பதையெல்லாம் எழுதி, தொழிலாளர் துறையின் சான்றளிக்கும் அலுவலரிடம் ஒப்புதல் வாங்கிய விதிகள். 1946-ம் வருடத்துச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் அதை நுழைவாயில் அருகே பலகையில் ஒட்டி வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது.

எச்.ஆர். அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூன்றாவது குற்றச்சாட்டுக்கு மட்டும் பிரிவு எண் கிடைத்தது. முதல் இரண்டுக்கும் இல்லை. நிலையாணை தொண்ணூறுகளில் எழுதப்பட்டது. அப்போது ஸ்டேட்டஸ் ஏது?

"மேடம், அதுக்குத்தான் தனியா சோஷியல் மீடியா பாலிசி வெச்சிருக்கோம்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 14 பக்கம். முழுக்க ஆங்கிலம். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் கொள்கையைப் பார்த்து எழுதியது போல் இருந்தது. அதை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். இந்தப் பையனுக்குக் கம்பெனி மின்னஞ்சலே கிடையாது.

இங்கேதான் பெரும்பாலான நிறுவனங்கள் வழுக்குகின்றன. ஒரு செயல் நிர்வாகத்துக்குக் கோபம் வரவழைத்தால் மட்டும் அது ஒழுங்கீனம் ஆகிவிடாது. கிளாக்ஸோ நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர்களுக்கும் இடையே மீரட் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு 1983-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எது தண்டனைக்குரிய செயல் என்பது நிலையாணையில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், நடந்த பிறகு நிர்வாகம் ஒன்றை எடுத்து 'இதுவும் ஒழுங்கீனம்தான்' என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 'வளாகத்திலோ அதன் அருகிலோ' என்று விதியில் இருந்தால், எங்கேயோ நடந்ததை அதற்குள் இழுத்துவர முடியாது என்றும் அதில் சொன்னார்கள். போன் நம் பாக்கெட்டில் இருக்கும் இந்தக் காலத்தில் அந்தத் தீர்ப்பின் எடை இன்னும் கூடித்தான் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து போட்ட பதிவையும் விதி தொட வேண்டும் என்றால், அதை விதியில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது நாள் சாட்சி. சூப்பர்வைசர் வந்தார். ஸ்க்ரீன்ஷாட்டின் பிரிண்ட்டைக் காட்டினார். பையனுக்கு உதவியாக வந்த தொழிலாளி எழுந்து குறுக்கு விசாரணை செய்தார். சட்டம் படிக்காதவர்தான். ஆனால், கேட்ட கேள்விகள் சரியான இடத்தில் விழுந்தன.

"அண்ணா, அந்த ஸ்டேட்டஸை உங்க போன்ல நீங்களே பார்த்தீங்களா?"

"இல்ல. படமாத்தான் வந்துச்சு."

"யார் அனுப்பினாங்க?"

"அதைச் சொல்ல முடியாது."

"இதுல தேதி எங்க இருக்கு? மேல கீழ வெட்டியிருக்கே, வெட்டுனது யாரு?"

சூப்பர்வைசரிடம் பதில் இல்லை.

உள்விசாரணை என்பது கோர்ட் அல்ல. சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பின்பற்றத் தேவையில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதும் இல்லை. நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனாலும் ஒருவருடைய வேலையைத் தொடும் ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவர் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னால் சொல்ல வேண்டும், குறுக்குக் கேள்விக்கு உட்பட வேண்டும். பெயர் தெரியாத ஒருவர் அனுப்பிய, ஓரம் வெட்டப்பட்ட படம் அந்த இடத்தை நிரப்பாது.

இந்த விஷயத்தில் பையன் மறுக்கவில்லை. "நான்தான் மேடம் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆனால், அந்த வெட்டப்பட்ட படத்தில் வராத ஒன்றையும் சொன்னார். அவர் போட்டது ஒரு ஸ்டேட்டஸ் இல்லை, இரண்டு. அடுத்ததில், 'கேன்டீன் புகார் நோட்டில் மூணு தடவை எழுதியாச்சு. யாரும் பார்க்கலை' என்று எழுதியிருந்தார். அவர் போனில் அது இருந்தது. அதையும் ஆவணமாகச் சேர்த்துக்கொண்டேன். கேன்டீன் புகார் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று தேதிகளில் மூன்று புகார்கள், மூன்றிலும் ஒரு சுருக்கக் கையெழுத்து. எடுத்த நடவடிக்கை என்ற கட்டம் காலியாக இருந்தது.

முதல் படத்தை மட்டும் பார்த்தால் முதலாளியை அவமானப்படுத்த நினைத்தவர் போலத் தெரிந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று முறை முறையாகச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனவர் தெரிந்தார். அதனால்தான், பதிவு ஒன்றை ஆதாரமாக எடுக்கும்போது முன்னும் பின்னும் இருந்ததையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று இப்போது எல்லா நிர்வாகத்திடமும் வற்புறுத்துகிறேன்.

என் அறிக்கையில் காரணங்களோடு எழுதினேன். முதல் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அப்படி ஒரு பிரிவு நிலையாணையில் இல்லை. பார்த்தவர்கள் அவர் போனில் எண் வைத்திருந்தவர்கள் மட்டும். வெளியே நஷ்டம் ஏற்பட்டதற்கும் ஆதாரம் இல்லை. சொன்ன குறையும் உண்மை. இரண்டாவதும் நிரூபணமாகவில்லை. நிலையாணையில் சேராத, அவருக்குத் தெரிவிக்கப்படாத கொள்கை அது. மூன்றாவது, ஓரளவு நிரூபணம். அந்த நாய் உவமை, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒருவரை இழிவாகச் சொன்னதுதான். குறை நியாயமானது என்பதற்காக அந்த வார்த்தையும் நியாயமாகிவிடாது.

விசாரணை அதிகாரி தண்டனை விதிப்பதில்லை. எது நிரூபணம், எது இல்லை என்று சொல்வதோடு அவர் வேலை முடிகிறது. அறிக்கையின் நகலைத் தொழிலாளிக்குக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்ட பிறகுதான் நிர்வாகம் தண்டனையை முடிவுசெய்ய வேண்டும். அந்த நிர்வாகம் எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தது. சஸ்பென்ஷனில் போன 46 நாட்களுக்கும் மீதிச் சம்பளத்தைக் கொடுத்தது. டிஸ்மிஸ் செய்திருந்தால் தொழிலாளர் நீதிமன்றம் போயிருக்கும். குற்றத்துக்குப் பொருத்தமில்லாத தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்திருக்கும் என்பதை நிர்வாகமும் கணக்குப் போட்டுத்தான் இருக்கும்.

"அப்படியென்றால் ஊழியர் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?" என்று சில முதலாளிகள் என்னிடம் கோபப்படுவார்கள். எழுத முடியாது. 2023-ல் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும்.

ஒன்று, மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழங்கியது. கிராம வங்கி ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளின் நடவடிக்கையைக் குறைசொல்லி எழுதியதற்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேலை செய்யுமிடத்து மனக்குறையைத் தனக்கு வேண்டியவர்களிடம் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு, வீட்டுக்குள் பேசுவதைப் போலத்தான் மூடிய குழுவில் பேசுவதும் என்ற பார்வை அதில் இருந்தது. மற்றொன்று, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வந்தது. சம்பளப் பேச்சுவார்த்தை பதற்றமாக இருந்த நேரத்தில், நிர்வாகத்துக்கு எதிராகத் தூண்டிவிடும் விதத்தில் ஃபேஸ்புக்கில் பதிவிட்ட தொழிலாளியின் பணிநீக்கம் தொடர்பானது. அங்கே நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. பேச்சுரிமைக்கும் எல்லை உண்டு என்றது.

குறைசொல்வதும் தூண்டிவிடுவதும் ஒன்றல்ல. வேண்டியவர்கள் மட்டும் இருக்கும் குரூப்பும் ஊரே பார்க்கும் பக்கமும் ஒன்றல்ல. நல்ல விதி இந்த இரண்டு வேறுபாடுகளையும் தன் வார்த்தைகளிலேயே காட்ட வேண்டும்.

சரியாக நடந்த ஒரு நடவடிக்கையையும் சொல்கிறேன். வேறொரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் ஒருவர், தான் வேலை செய்வதை ரீல்ஸ் எடுத்துப் போட்டார். பாட்டு, ஸ்டைல் எல்லாம் அருமை. ஆனால், பின்னால் ஒரு வாடிக்கையாளரின் வரைபடம் தொங்கியது. பெயரும் பாகத்தின் எண்ணும் படிக்கிற மாதிரி தெரிந்தன. அங்கே உற்பத்திக் கூடத்துக்குள் படம் எடுக்கக் கூடாது என்பது நிலையாணையிலேயே இருந்தது. அதே வரி தமிழில் பலகையாக வாசலில் மாட்டப்பட்டிருந்தது. ரீல்ஸைப் பார்த்தவுடன் எச்.ஆர். பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து, கணக்கின் பெயர், இணைய முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரிய முழுப் பக்கமாகப் பதிவுசெய்து, கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். அந்த இருவரும் விசாரணையில் நேரில் வந்து சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம் என்று தண்டனை கொடுத்தார்கள். அவருக்கு வருத்தம்தான். ஆனால், 'எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள்' என்று அவரே சொல்லவில்லை.

கேன்டீன் விவகாரம் முடிந்த பிறகு, அந்த 14 பக்கக் கொள்கையைத் திருத்தித் தரச் சொல்லி நிர்வாகம் என்னையே கேட்டது. ஒரு பக்கமாகச் சுருக்கினோம், தமிழில். கூடாதவை நான்கு மட்டும். உற்பத்திக் கூடத்தில் அனுமதியின்றிப் படம் எடுப்பது. வரைபடம், விலை, வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றை எங்கே இருந்தும் வெளியிடுவது. உடன் வேலை செய்பவரை மிரட்டுவது, சாதி சொல்லியோ பாலியல் ரீதியாகவோ இழிவுபடுத்துவது. கம்பெனியின் சார்பில் பேசுவது போல் பதிவிடுவது. மூன்றாவதில், பெண் ஊழியர் பாலியல் தொல்லை என்று புகார் கொடுத்தால், அதை 2013-ம் வருடச் சட்டப்படி உள்ளகக் குழுதான் விசாரிக்க வேண்டும் என்றும் எழுதினோம்.

அதற்குக் கீழே, எவை குற்றம் ஆகாது என்றும் எழுத வைத்தேன். சம்பளம் பற்றிப் பேசுவது, வேலை நிலைமை பற்றி உண்மையான குறை சொல்வது, சங்க விஷயம், தனிப்பட்ட உரையாடல். இந்தப் பகுதிக்குத்தான் நிர்வாகம் முதலில் முகம் சுளித்தது. "இதை எழுதினா எல்லாரும் எழுத ஆரம்பிச்சிடுவாங்களே?" என்றார்கள். இது இல்லாவிட்டால், அடுத்த முறையும் கோபத்தில் யாராவது சார்ஜ் ஷீட் எழுதுவார்கள், அடுத்த முறையும் அது நிற்காது என்றேன். சம்மதித்தார்கள். பிறகு அந்த நான்கையும் வெறும் கொள்கையாக விடாமல், தொழிலாளர் தரப்போடு பேசி, நிலையாணையில் திருத்தமாகச் சேர்க்க சான்றளிக்கும் அலுவலரிடம் மனு போட்டோம்.

இன்னொரு வரியும் வேண்டும் என்றேன். 'ஒரே செயலுக்கு எல்லோருக்கும் ஒரே நடவடிக்கை.' மேலாளர் ஒருவர் உற்பத்திக் கூடத்தில் நின்று செல்ஃபி எடுத்துப் போட்டால் லைக் விழுவதும், ஹெல்பர் போட்டால் மெமோ விழுவதும் பல இடங்களில் நடக்கிறது. விசாரணையில் அது ஒன்று வெளியே வந்தாலே தண்டனையின் கால் உடைந்துவிடும்.

2025 நவம்பர் முதல் 1946-ம் வருடச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதில் 300 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் நிலையாணை கட்டாயம். சஸ்பெண்ட் செய்தால் பொதுவாக 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சிறிய இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அவரவர் நியமனக் கடிதமும் கம்பெனி விதியும்தான் துணை. அதனால் வேலையில் சேரும் நாளில் கையெழுத்துப் போடும் காகிதங்களின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில், பயத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த பிறகு விசாரணையும் கிடையாது, நியாயம் கேட்க இடமும் மிகக் குறைவு. 'மன்னிப்புக் கடிதம் கொடுத்தா விட்டுடுவாங்க' என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், எதற்காக மன்னிப்பு என்று சார்ஜ் ஷீட்டைப் படிக்காமல் எழுதாதீர்கள். அந்தக் கடிதமே ஒப்புதல் வாக்குமூலமாக ஃபைலில் சேரும். கொடுத்த கெடுவுக்குள் பதில் கொடுங்கள். நேரம் போதாது என்றால் அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். எந்த விதியின் கீழ் குற்றச்சாட்டு, ஆதாரம் என்ன என்று நகல் கேளுங்கள். பதிவை நீக்கினாலும், முன்பின் உள்ளவற்றோடு சேர்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நீக்குங்கள்.

அந்தப் பையன் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். கேன்டீன் குழுவில் இப்போது அவரும் ஓர் உறுப்பினர். போன மாதம் வேறொரு விசாரணைக்காக அங்கே போயிருந்தபோது புகார் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் தேதி போட்டு எழுதியிருந்தார்கள். ஒன்றிரண்டில் கையெழுத்து படிக்கிற மாதிரிகூட இருந்தது.